வெள்ளிப் புள்ளியின் வேகம்

ஆம்பூரில் பாலாற்றங்கரைச் சாலையில் விடியற்காலையில் போய் வருகிறவர்களுக்கு அந்த ஜோடியை நன்றாகத் தெரியும். மனைவி ஓடுவாள். கணவர் எபனேசர் பக்கத்தில் டிவிஎஸ் 50 வண்டியில் வருவார். முதல் ஷிஃப்டுக்கு சைக்கிளில் போகும் தோல் பதனிடும் ஷாப்பு ஆட்கள், "இன்னா சார், வண்டியில ஏத்திக்கினு போவ வேண்டியதுதானே? பெட்ரோல் கம்மியா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். எபனேசர் பதில் சொல்லமாட்டார். இடது கையை மட்டும் லேசாக உயர்த்துவார். வலது கை ஆக்சிலேட்டரை விட்டு நகராது.

ஜெயபுஷ்பம் ஊர் மிஷன் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். நர்சிங் படித்த காலத்தில் விளையாட்டு விழாவில் ஓடியதோடு சரி. கல்யாணமாகி, மகள் ஆறாம் வகுப்புக்குப் போன பிறகு, தொண்ணூற்றிரண்டில், மறுபடி ஓடவேண்டும் என்று அவள்தான் ஆசைப்பட்டாள். அந்த ஊரில், அந்தக் காலத்தில், முப்பது வயது தாண்டிய ஒரு பெண் இருட்டு பிரியுமுன் சாலையில் தனியாக ஓட முடியாது. எபனேசர் ஒருநாள் யோசித்தார். மறுநாள் வண்டியை வெளியே எடுத்தார். அவ்வளவுதான் அவர் செய்த ஆர்ப்பாட்டம்.

அவருக்கு ஷூ கம்பெனியில் தோல் பொறுக்குகிற வேலை. கட்டுக் கட்டாக வரும் தோல்களை விரித்துப் பார்த்து, ஒரே நிறமும் ஒரே கனமும் உள்ளதைச் சேர்த்து வைக்க வேண்டும். இடது கால் செருப்பும் வலது கால் செருப்பும் ஒரு சாயல் மாறினாலும் ஜெர்மனிக்காரன் திருப்பி அனுப்பிவிடுவான். எதுவும் ஒரே சீராக இருக்க வேண்டும் என்பது அவருடைய தொழிலிலிருந்து அவருடைய உடம்புக்குள் போய்விட்ட விஷயம். குழம்பில் உப்பு, சட்டைப் பித்தான், ஞாயிறு ஆராதனைக்குக் கிளம்பும் நேரம் எல்லாம் அப்படித்தான். ஓட்டமும் அப்படியே ஆயிற்று. தோலில் பழுதைக் குறிக்கும் வெள்ளிப் பேனாவால், வண்டியின் ஸ்பீடாமீட்டர் கண்ணாடிமேல், பத்துக்குச் சற்று மேலே ஒரு புள்ளி வைத்தார். முள் அந்தப் புள்ளியில் நிற்க வேண்டும். கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் வாசல்வரை போய்த் திரும்பினால் ஐந்து கிலோமீட்டர். இருபத்தைந்து நிமிடம். திங்கள், புதன், வெள்ளி, சனி.

முதல் வருடம் அவளுக்கு அந்த வேகம் எட்டவில்லை. இரண்டாம் வருடம் எட்டியது. வேலூர் ஸ்டேடியத்தில் வருடந்தோறும் நடக்கும் மாவட்ட மூத்தோர் தடகளப் போட்டியில் பெயர் கொடுத்தாள். பெண்கள் ஐந்தாயிரம் மீட்டர். இருபத்தைந்து நிமிடமும் சில நொடிகளும். மாநிலப் போட்டிக்கு அனுப்ப மாவட்டச் சங்கம் வைத்திருந்த எல்லை இருபத்துநான்கு.

"அடுத்த வருசம் வந்துடும். நீ வழக்கத்த மட்டும் விடாத புஷ்பம்" என்றார் எபனேசர்.

அடுத்த வருடம் வரவில்லை. அதற்கடுத்த வருடமும் இல்லை. மகள் ஜெஸி வளர்ந்து பெங்களூருக்குப் படிக்கப் போனாள். வண்டிக்கு இரண்டு தடவை டயர் மாற்றினார்கள். இருபத்தைந்து நிமிடம் மட்டும் அப்படியே இருந்தது. போட்டி முடிந்து பஸ்ஸில் திரும்பும்போது எபனேசர், "ஸ்டேட்டுக்கு மட்டும் வண்டியில கூட வரமாட்டேன். உன்கூட ட்ரெயின்லதான் வருவேன், ஜன்னல் சீட்டு எனக்கு" என்பார். வருடா வருடம் அதே கேலி. அதே இடத்தில், பள்ளிகொண்டா தாண்டியதும்.

தொண்ணூற்றொன்பதில்தான் ஷஹீன் பானு குறுக்கே வந்தாள். ஊரில் ஒரு பெண்கள் பள்ளியின் விளையாட்டு டீச்சர். மூத்தோர் போட்டியில் குண்டு எறிவாள். ஆளும் அதற்கேற்ற ஆள். கணுக்கால் பிசகிய பிள்ளைகளை ஆஸ்பத்திரிக்கு இழுத்துவந்து ஜெயபுஷ்பத்தோடு பழக்கமானவள். அந்த வருடம் ஓட்டம் முடிந்ததும் ஸ்டேடியத்திலேயே, எபனேசர் தண்ணீர் பாட்டிலோடு நிற்கும்போதே சொன்னாள்.

"அண்ணே, தப்பா நெனச்சுக்காதீங்க. சிஸ்டரக்கா ஓடல. உங்க வண்டி ஓடுது. அதுக்குப் பின்னாடி கட்டின கன்னுக்குட்டி மாதிரி இவங்க வர்றாங்க."

எபனேசர் சிரித்தார். வீட்டுக்கு வரும்வரை சிரித்த முகமாகத்தான் இருந்தார். அந்தத் திங்கட்கிழமை, பழைய புள்ளிக்குச் சற்று மேலே இன்னொரு வெள்ளிப் புள்ளி வைத்திருந்தார்.

அன்று அவள் சுத்திகரிப்பு நிலையத்தின் வாசல்வரைகூடப் போகவில்லை. அடிவயிறு பிடித்துக்கொண்டது. சாலையோரம் குனிந்து வாந்தி எடுத்தாள். புதன்கிழமையும் அப்படி. வெள்ளிக்கிழமை கால் எழும்பவே இல்லை. எபனேசர் வண்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டு அவள் முதுகைத் தடவிக்கொண்டு நின்றார்.

"வேணாம் புஷ்பம். எனக்கு ஸ்டேட்டும் வேணாம், ஒன்னும் வேணாம். பழையபடி போலாம்."

சனிக்கிழமை முள் பழைய புள்ளிக்குத் திரும்பியது. ஜெயபுஷ்பம் ஷஹீன் பானுவோடு பேசுவதை நிறுத்தினாள். வார்டில் எதிர்ப்பட்டால், "டாக்டரப் பாருங்க டீச்சர்" என்பதோடு நகர்ந்துவிடுவாள்.

இரண்டாயிரத்து மூன்று ஜனவரியில் எபனேசர் கம்பெனியில் தோல் விரித்துக்கொண்டிருந்தவர், மேசைமேலேயே சாய்ந்தார். ஜெயபுஷ்பம் மேல்மாடி வார்டில் ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். ஆயா வேலை பார்க்கும் பட்டம்மாள் படியேறி வந்து, மூச்சு வாங்க வாசலில் நின்றாள். ஜெயபுஷ்பத்தின் கையிலிருந்த ட்ரேயை வாங்கிக்கொண்டாள். கீழே போனபோது, கம்பெனியிலிருந்து கொண்டுவந்திருந்த அவரை மூடியிருந்தார்கள்.

அடக்கத்துக்குப் பிறகு வண்டியை விற்கச் சொல்லிப் பலர் வந்தார்கள். அவள் கொடுக்கவில்லை. ஓட்டவும் தெரியாது. காலையில் ஸ்டாண்டிலேயே வைத்துப் பெடலை மிதித்து ஸ்டார்ட் செய்வாள். கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைப்பாள். நாற்பது நாள் கழித்து ஒரு திங்கட்கிழமை, அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தவள், ஷூவைக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள். சாலையில் அவளுக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. ஆனால் சத்தம் காதில் இருந்தது. திரும்பி வந்து கடிகாரத்தைப் பார்த்தாள். இருபத்தைந்து நிமிடம்.

அதில் அவளுக்கு ஒரு ஆறுதல் இருந்தது. அவர் போய்விட்டார், அவர் வைத்த வேகம் போகவில்லை.

ஊர் அப்படி நினைக்கவில்லை. ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, "துக்கம் முடியல, அதுக்குள்ள ரோட்ல ஓட்டம்" என்று யாரோ யாரிடமோ சொன்னது அவளுக்குக் கேட்க வேண்டும் என்றே சொன்னதாக இருந்தது. சைக்கிள்காரர்கள் கேலியை நிறுத்திவிட்டார்கள். அவளைக் கண்டதும் மறுபக்கம் பார்த்துக்கொண்டு மிதித்தார்கள். கேலியே தேவலை என்று அவளுக்குப் பட்டது.

ஜூலையில் ஒருநாள் நாய்கள் வந்தன. ஷாப்புகளில் தோலிலிருந்து சுரண்டி வண்டியில் அள்ளிப்போகும் ஜவ்வு சிந்தும் இடங்களில் எப்போதும் நாய் உண்டு. இத்தனை வருடம் மொபெட் சத்தத்துக்கு ஒதுங்கி நின்றவை, அன்று நான்கைந்தாகச் சேர்ந்து துரத்தின. ஜெயபுஷ்பம் ஓடினாள். அதுவரை ஓடாத மாதிரி ஓடினாள். மதகுத் திருப்பம்வரை, நாய்கள் விட்ட பிறகும், ஒரு நீளம் ஓடிவிட்டுத்தான் நின்றாள். நிற்கப்போன இடத்தில் கல் தடுக்கி விழுந்து முழங்கை தோலுரிந்தது.

அதே ஆஸ்பத்திரி டிரெஸ்ஸிங் ரூமில் உட்கார்ந்திருந்தபோது, கை பிசகிய ஒரு பிள்ளையோடு ஷஹீன் பானு உள்ளே வந்தாள். நான்கு வருடத்துக்குப் பிறகு அன்றுதான் நின்று பேசினார்கள்.

"இன்னாக்கா இது, யாரு தள்ளுனது?"

"நாயி."

"கடிச்சிடுச்சா?"

"எட்டல."

ஷஹீன் பானு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "எட்டலியா? நம்ம ஷாப்பு நாயிக்கா? அப்போ நீ எப்படி ஓடியிருப்ப?" அவள் முகத்தில் சிரிப்பு வந்து, ஜெயபுஷ்பத்தின் துக்க வெள்ளைப் புடவையைப் பார்த்ததும் நின்றுவிட்டது. "அண்ணன் அடக்கத்துக்கு வந்தேன்க்கா. கல்லறை கேட்டுக்கு வெளியவே நின்னுட்டுப் போய்ட்டேன். உன் மூஞ்சியில முழிக்க பயம்."

ஜெயபுஷ்பம் பஞ்சால் முழங்கையைத் துடைத்தாள்.

"வாந்தி எடுத்தியாமே, நான் சொன்ன அந்த வாரம். பட்டம்மா சொன்னாங்க. தப்பு எம்மேலதான். பாதியச் சொல்லிட்டு மீதியச் சொல்லாம வந்துட்டேன்."

"என்னா மீதி?"

"எல்லா நாளும் வேகமா ஓடக்கூடாதுக்கா. ஒருநாள் மட்டும்தான். மத்த நாளு மெதுவா ஓடணும். நீ ஓடறது மெதுவும் இல்ல, வேகமும் இல்ல, நடுவுல தொங்குது. மெதுவா ஓடவேண்டிய நாளுல கால் ஆறாது, அதனால வேகமா ஓடவேண்டிய நாளுல கால்ல ஒன்னும் மிச்சம் இருக்காது. உடம்பு ரெண்டு வருசத்துலயே அந்த வேகத்த மனப்பாடம் பண்ணிடுச்சு. அப்புறம் ஒன்பது வருசமா அதையே ஒப்பிச்சுக்கினு இருக்குது."

"அது அவரு போட்ட கணக்கு டீச்சர்."

"தெரியும்."

"நான் மாத்தமாட்டேன்."

ஷஹீன் பானு எழுந்தாள். பிள்ளையின் தோளில் கைவைத்துக்கொண்டு வாசல்வரை போனவள் திரும்பினாள். "ஜனவரில மீட் வருது. ஸ்கூல் கிரவுண்டு சாயங்காலம் காலியாத்தான் இருக்கும். சுவரு உயரம், ஒரு ஆம்பள பார்க்க முடியாது. நாயும் வராது."

ஜெயபுஷ்பம் மூன்று வாரம் போகவில்லை. அந்த மூன்று வாரமும் ஒரே எண்ணம் அவளைக் குடைந்தது. அந்த நாய்கள் துரத்திய தூரம். அந்த வேகம் காலில் இருந்திருக்கிறது. அப்படியென்றால் அது எப்போதிலிருந்து இருந்தது? வழக்கத்தை மாற்றி இருபத்துநான்குக்குள் வந்துவிட்டால், பதினோரு வருடமும் அவளைப் பிடித்து நிறுத்தி வைத்தது அந்த வண்டி என்று ஆகிவிடும். பனியிலும் மழையிலும் மப்ளர் சுற்றிக்கொண்டு வந்தவர்தான் தடை என்று ஆகிவிடும். வராமல் போனாலோ, அவர் கடைசிவரை கேட்ட அந்த ஜன்னல் சீட்டு ரயில் ஒருநாளும் கிளம்பாது. இரண்டில் எது வந்தாலும் அவளுக்கு இழப்புதான். வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்து இதை யோசித்துக்கொண்டிருப்பாள். பெட்ரோல் தீர்ந்து வண்டி தானாக அணைந்த ஒரு காலை, ஷூவைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு டியூட்டிக்குப் போனாள். சாயங்காலம் நேராகப் பள்ளிக்கூடம்.

ஷஹீன் பானு போட்ட திட்டம் எளிமையானது. வாரத்தில் ஒருநாள் கிரவுண்டில் வேகம்: இரண்டு சுற்று முடிந்த மட்டும் ஓட வேண்டும், ஒரு சுற்று நடக்க வேண்டும், மறுபடி இரண்டு சுற்று. முதலில் நான்கு தடவை, போகப்போக எட்டு. இரண்டு நாள் ஆற்றங்கரையில் மெதுவான ஓட்டம். ஞாயிறு ஆராதனை இருப்பதால் சனிக்கிழமை நீள ஓட்டம், எட்டு, ஒன்பது கிலோமீட்டர், அதுவும் மெதுவாக. மற்ற நாள் ஓய்வு.

வேகம் அவளுக்குக் கஷ்டமாக இல்லை. மெதுவாக ஓடுவதுதான் வரவில்லை. கால் தானாகப் பழைய வேகத்துக்குப் போய்விடும். கடைசியில் ஷஹீன் பானுவே புர்கா போட்டுக்கொண்டு விடியற்காலையில் பக்கத்தில் வந்தாள். குண்டு எறிகிற உடம்பை வீசி வீசி நடப்பாள். "நான் நடக்கறேன், நீ ஓடு. என்னத் தாண்டிப் போன, அன்னிக்கு கணக்குல சேராது."

"இது ஓட்டமாடி? ஆமை கூட சிரிக்கும்."

"சிரிக்கட்டும். வாய்ல பேச்சு வருதில்ல? அதான் சரியான வேகம். பேசு. உன் நைட் சூப்பர்வைசர் எப்படிப்பட்டவன்னு சொல்லு."

சைக்கிள்காரர்களுக்கு மறுபடி வாய் வந்துவிட்டது. "சிஸ்டர், பெரிய டிவிஎஸ் வாங்கிட்டாப்ல இருக்குது!" ஷஹீன் பானு நின்று திரும்பினாள். "ஆமாண்டா, மேல ஏறிடும், ஓரம் போ!" ஜெயபுஷ்பம் அந்த வருடத்தில் முதல்முறையாகச் சிரித்தாள். சிரித்த உடனே வாயைப் பொத்திக்கொண்டாள்.

அக்டோபர் கடைசியில் சோதனையாக ஐந்து கிலோமீட்டர் ஓடிப் பார்த்தாள். பழைய சாலையில் தனியாக ஓடினாள், புறப்பட்ட இடத்தில் ஷஹீன் பானு கடிகாரத்தோடு நின்றாள். இருபத்தைந்து நிமிடமும் பத்து நொடியும். வழக்கத்தைவிட மோசம். அங்கேயே சாலையோரச் சுவரடியில் உட்கார்ந்துவிட்டாள். அவரையும் விட்டாயிற்று, ஒன்றும் கிடைக்கவும் இல்லை.

"முந்தாநேத்து கிரவுண்டுல எட்டு தடவ ஓடின காலுக்கா இது. ஆறல" என்றாள் ஷஹீன் பானு. "மீட்டுக்கு முன்னாடி வாரம் பாதியாக் குறைப்போம். அப்போ பாரு."

"எனக்கு அந்தச் சத்தம் கேக்குது பானு. அவரு வண்டிச் சத்தம். அதத் தாண்டிப் போக கால் வரமாட்டேங்குது."

ஷஹீன் பானு சுவரோரம் அவள் பக்கத்திலேயே மண்ணில் உட்கார்ந்தாள்.

ஜனவரியில் வேலூர் ஸ்டேடியம். பன்னிரண்டரை சுற்று. ஆறு பெண்கள் ஓடினார்கள். நான்கு பேர் அவளைவிட இளையவர்கள். பழைய கணக்கில் சுற்றுக்குச் சரியாக இரண்டு நிமிடம். அது அவள் ரத்தத்தில் இருந்தது. துப்பாக்கி வெடித்ததும் காதில் வண்டி கிளம்பிவிட்டது. வலது பக்கம், ஒரு கை தூரத்தில், எப்போதும் போல. நான்கு சுற்று அதோடு போனாள். சுற்று முடியும் இடத்தில் ஷஹீன் பானு வெயிலில் நின்று நேரம் கத்திக்கொண்டிருந்தாள். "எட்டு நிமிசம்! அதே தான்க்கா!"

ஐந்தாவது சுற்றில் ஜெயபுஷ்பம் ஒன்றைக் கவனித்தாள். மூச்சு சாதாரணமாக இருந்தது. அந்த வேகத்தில் பதினோரு வருடமாக இந்த இடத்தில் வரும் இரைப்பு வரவில்லை. ஆற்றங்கரையில் பேசிக்கொண்டே போன மூச்சு அது. கால் காத்திருந்தது. அவள் வலது பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நின்றிருப்பாள். கொஞ்சம் முன்னால் சாய்ந்தாள்.

சத்தம் பின்னால் போயிற்று. ஒரு வளைவில் அது தோள் அளவில் இருந்தது, அடுத்த வளைவில் முதுகுக்குப் பின்னே. எட்டாவது சுற்றில் காற்றுதான் கேட்டது. கடைசி மூன்று சுற்றும் கண்ணில் நீர் வழிய ஓடினாள். வேர்வை என்றுதான் பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

மூன்றாவதாக வந்தாள். இருபத்துமூன்று நிமிடம் நாற்பத்தாறு நொடி. சங்கத்துக்காரர் பெயரைக் குறித்துக்கொண்டு, "மேடம், ஸ்டேட்டுக்கு ரெடியாகுங்க" என்றார். ஷஹீன் பானு அவளை அப்படியே தூக்கிவிட்டாள். இறக்கிவிட்டபோது ஜெயபுஷ்பம் அவள் தோளிலேயே முகத்தை வைத்துக்கொண்டு சொன்னாள்:

"அவரத் தாண்டி வந்துட்டேன் பானு."

பள்ளிகொண்டா தாண்டும்போது ஜெயபுஷ்பம் பஸ் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் ஓய்வு நாள். காலையில் வழக்கம்போல வண்டியை ஸ்டார்ட் செய்தாள். வெள்ளிப் புள்ளி இரண்டும் கண்ணாடியில் இருந்தன, ஒன்று தேய்ந்து, ஒன்று புதிதாக. அன்று அணைக்கத் தோன்றவில்லை. ஸ்டாண்டை எடுத்துவிட்டு உட்கார்ந்தாள். காலேஜ் நாளில் அண்ணனின் சைக்கிள் ஓட்டியவள்தான். தெருவைத் தாண்டி ஆற்றங்கரைச் சாலைக்கு எப்படியோ கொண்டு போனாள். அங்கே, முள்ளைப் பழைய புள்ளியில் நிறுத்திப் பார்த்தாள்.

நிற்கவில்லை. ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் முறுக்கினால் முள் இருபதுக்கு ஓடியது. விட்டால் வண்டி இருமிக்கொண்டு அணையப் பார்த்தது. முறுக்கிக்கொண்டே பிரேக்கையும் லேசாகப் பிடிக்க வேண்டியிருந்தது. அந்த வேகத்தில் ஹேண்டில் இரண்டு பக்கமும் ஆடியது. கால் தரையைத் தேடியது. சுத்திகரிப்பு நிலையத்துக்குப் பாதி தூரம் போவதற்குள் மணிக்கட்டு கடுத்துப்போயிற்று, தோள் கல்லாகியது. அவள் இறங்கி, வண்டியை ஓரமாகத் தள்ளி நிறுத்தினாள்.

சைக்கிளில் வந்த ஒரு ஆள் வேகத்தைக் குறைத்தான். "இன்னா சிஸ்டர், வண்டி மக்கர் பண்ணுதா?"

"இல்லப்பா. வண்டி நல்லாத்தான் இருக்குது."

அவன் போய்விட்டான். அவள் வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துவிட்டுக்கொண்டு நின்றாள். ஓட்டம் முடிந்து வந்து அவர் சாப்பிட உட்காரும்போது வலது கையை ஒருமுறை உதறிக்கொள்வார். வாதம் என்று நினைத்து அவள் தைலம் தேய்த்துவிட்டிருக்கிறாள். அவரும் வாதம் என்றே சொல்லியிருந்தார்.

பிறகு வண்டியைத் தள்ளிக்கொண்டு, மெதுவாக, வீட்டுப் பக்கம் திரும்பினாள்.